ரிலேயா, டிரான்சிஸ்டரா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி இரண்டு சுருள்களை இயக்குகிறது என்று வைப்போம்: கொழுந்து வாட்டும் விசிறிக்கு 230 வோல்ட் ஏசி கான்டாக்டர், இன்னொன்று 24 வோல்ட் டிசி சோலனாய்டு வால்வு.

கான்டாக்டருக்கு ரிலே வெளியீடுதான். வழக்கமான டிரான்சிஸ்டர் வெளியீடு டிசிக்கு மட்டுமே. நிறுத்தும்போது சுருள் எழுப்பும் உயர் மின்னழுத்தம் ரிலே முனைகளில் பொறியாகும். முனை மெல்லக் கருகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அந்த மின்னழுத்தத்தை அடக்கச் சுருளுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் போடுங்கள். ஏசியில் டயோடு போட்டால் ஷார்ட்தான்.

அடிக்கடி திறந்து மூடும் வால்வுக்கு என் தேர்வு டிரான்சிஸ்டர். தேய்வதற்கு முனையே இல்லை. ஆனால் பாதுகாப்பில்லாவிட்டால் சுருளின் ஒரே மின்னழுத்த உதையில்கூட டிரான்சிஸ்டர் போய்விடும். பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் போகும்: பிஎல்சி நிறுத்தச் சொன்ன பிறகும் வால்வு திறந்தே கிடக்கும். 1N4007 டயோடை வால்வுச் சுருளிலேயே, கோடுள்ள முனை பிளஸ் பக்கம் வரக் கட்டுங்கள். வால்வு விடுபடச் சற்றுத் தாமதமாகும். அது தொல்லையானால் டயோடுடன் பொருத்தமான ஸீனர் ஒன்றை எதிர்த்திசையில் தொடராகச் சேர்க்கலாம்.