மூன்று வருடமாக வீட்டு மஸ்கார்போன்: அடுப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

மூன்று வருடமாக மாதத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டில் மஸ்கார்போன் என்கிற மென்மையான இத்தாலிய க்ரீம் சீஸ் செய்கிறேன். ஆரம்பத்தில் ஐந்தாறு தடவை வரிசையாகக் கெட்டுப்போனது. எலுமிச்சைச் சாறு ஊற்றியதும் பால் திரிவதுபோல க்ரீமும் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும் என்று காத்திருந்ததுதான் காரணம். அது அப்படிப் பிரியாது, பிரியவும் கூடாது.

இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். 35 சதவீதம் கொழுப்புள்ள க்ரீம் 500 மில்லி எடுத்து, அகலமான பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் வைத்து அதன் மேல் க்ரீம் பாத்திரத்தை வைத்து மெதுவாகச் சூடாக்குகிறேன். நேரடித் தீயில் அடி பிடிக்கும், லேசாகப் பிடித்தாலும் அந்த வாசனை போகவே போகாது. தெர்மாமீட்டர் 85 டிகிரி செல்சியஸ் காட்டியதும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம், சில சமயம் எட்டு நிமிடம்கூட, மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்கிறேன். கரண்டியை எடுத்தால் பின்பக்கத்தில் க்ரீம் படிந்து நிற்க வேண்டும், அதில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. அவ்வளவுதான், அடுப்பில் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், பார்க்க நீர்த்த கஸ்டர்டு மாதிரிதான் இருக்கும்.

நான் தப்பு செய்தது இந்த இடத்தில்தான். கெட்டியாகவில்லையே என்று இன்னொரு டேபிள்ஸ்பூன் சாறு விட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் புளிப்பு தூக்கலாக, நாக்கில் மணல்மணலாக இருந்தது. அமிலமும் சூடும் சேர்ந்து க்ரீமில் இருக்கிற புரதத்தை மெல்லிய வலை மாதிரி பின்னுகின்றன, கொழுப்பும் தண்ணீரும் அந்த வலைக்குள் தங்குகின்றன. அமிலம் அதிகமானால் வலை இறுகி, துணுக்குத் துணுக்காகத் திரண்டுவிடும். நமக்குத் தெரிகிற கெட்டித்தன்மையில் பெரும்பகுதி குளிரில் கொழுப்பு உறைவதால் வருவது, அதைச் சூடான பாத்திரத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சூடு குறைந்தாலும் சிக்கல் உண்டு. ஒரு தடவை 75 டிகிரியிலேயே அவசரப்பட்டுச் சாறு விட்டு இறக்கினேன், ஒரு நாள் முழுக்க வடிந்தும் ஊற்றுகிற பதத்திலேயே இருந்தது.

இறக்கியதும் துணியில் ஊற்றாதீர்கள். சூடாக ஊற்றினால் க்ரீமே துணி வழியாக இறங்கிவிடும். அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம் நெருக்கமான மஸ்லின் துணியை நான்காக மடித்து வடிகட்டியில் விரித்து அதில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறேன். துணியைப் பிழியவோ மேலே பாரம் வைக்கவோ கூடாது. கீழே சொட்டுகிற நீர் லேசான மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருந்தால் எல்லாம் சரி. வெள்ளையாக இருந்தால் க்ரீம் கசிகிறது என்று அர்த்தம்: சூடு போதவில்லை, அல்லது துணி மெலிசு.

எனக்கு 500 மில்லியில் சுமார் 420 கிராம் கிடைக்கிறது. க்ரீமில் இருந்த கொழுப்பு ஏறக்குறைய 175 கிராம், அது 420 கிராமில் அடங்கினால் 42 சதவீதம் ஆகிறது, மஸ்கார்போனுக்கு அது சரியான அளவு. இதையே 25 சதவீத க்ரீமில் செய்து பார்த்தேன். அதில் கொழுப்பு 125 கிராம்தான், அதே செறிவு வர வேண்டுமானால் 500 கிராமும் 300 கிராமாகச் சுருங்க வேண்டும், அதாவது 200 கிராம் நீர் வடிய வேண்டும். சும்மா துணியில் வைத்தால் அவ்வளவு வடியாது. எனக்கு வந்தது புளித்த தயிர் பதம். குறைந்த கொழுப்பு க்ரீமில் இதைச் செய்ய முயற்சிப்பதை விட்டுவிட்டேன்.

க்ரீம் பாக்கெட்டில் கேரஜீனன் மாதிரி ஏதாவது கெட்டிப்படுத்தி எழுதியிருந்தால் நீர் சரியாக வடிவதில்லை, பதமும் கொஞ்சம் கொழகொழப்பாக வருகிறது. சேர்மானத்தில் க்ரீம் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குவதே நல்லது. கடந்த ஒரு வருடமாக எலுமிச்சைக்குப் பதில் டார்டாரிக் அமிலமும் பயன்படுத்துகிறேன், 500 மில்லிக்கு அரைக்கால் டீஸ்பூன், ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து. எலுமிச்சை ஒவ்வொன்றிலும் புளிப்பு மாறும், இதில் அந்தத் தொல்லை இல்லை, எலுமிச்சை வாசனையும் இல்லாமல் பாலின் இனிப்பு நன்றாகத் தெரிகிறது. இனி எனக்கு இதுதான்.

உப்போ பதப்படுத்தியோ இல்லாததால் நான்கு நாளுக்குள் முடித்துவிடுகிறேன். பயன்படுத்தும்போது கரண்டியால் மெதுவாகக் கலந்தால் போதும். மெஷின் வைத்து வேகமாக அடித்தால் சில நொடியில் கொழுப்பு திரண்டு வெண்ணெய்த் துணுக்குகளும் நீருமாகப் பிரியும், அதன் பிறகு பழைய பதத்துக்குக் கொண்டுவர என்னால் முடிந்ததில்லை.