திருப்பத்தில் உறையும் படம்: ட்ரோன் நேரலையும் ஆன்டெனாவும், பதினான்கு மாத அனுபவம்

அலுவலகத் தம்பி ஒருவர் சென்ற வாரம், "அண்ணா, தரைப் பக்கத்துக்கு எந்த ஆன்டெனா வாங்கலாம்? பதினான்கு டிபிஐ என்று போட்டிருக்கிறதே, அதுதானே நல்லது?" என்று கேட்டார். டிபிஐ என்பது ஓர் ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு. பதினான்கு மாதங்களுக்கு முன்பு நானும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பதால், ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

என்னுடையது, ட்ரோன் கேமராவின் படத்தை வைஃபை அலையில் நேரலையாகத் தரைநிலையத்துக்கு அனுப்பும் wfb-ng என்னும் திறந்த மென்பொருளில் ஓடும் அமைப்பு. வீட்டு வைஃபை போலன்றி, இதில் தரைநிலையம் "கிடைத்தது" என்று பதில் அனுப்புவதில்லை. ட்ரோன் ஒருவழியாக ஒலிபரப்பிக்கொண்டே போகும். தொலைந்த தரவுப் பொட்டலத்தை மறுபடி கேட்டுக் காத்திருக்காததால்தான் தாமதம் குறைகிறது. கைப்பேசி நிறுத்துக்கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டி, கடிகாரத்தையும் திரையையும் ஒரே நிழற்படத்தில் எடுத்துப் பார்த்தபோது, எனக்கு வித்தியாசம் 90 மில்லிவினாடி அளவில் இருந்தது. மறுபடி கேட்பதற்குப் பதிலாக, எட்டு பொட்டலங்களுக்கு நான்கு உபரிப் பொட்டலங்கள் சேர்த்து அனுப்பப்படுகின்றன. பன்னிரண்டில் எந்த எட்டு வந்து சேர்ந்தாலும் படம் முழுமையாகக் கிடைத்துவிடும். ஐந்தாவது பொட்டலமும் தொலைந்தால்தான் படம் உடைகிறது.

முதல் மூன்று மாதங்கள் என்னை வாட்டிய குறை இந்த இடத்தில்தான் ஒளிந்திருந்தது. சிங்கப்பூரின் மேற்கே, பறக்க அனுமதியுள்ள ஒரு திறந்த திடலில், 300 மீட்டருக்குள், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தொலைவில் பறப்பேன். நேராகப் போகும்வரை படம் கண்ணாடி போல் இருக்கும். ட்ரோனைச் சாய்த்துத் திருப்பிய மறுகணம் படம் உறைந்துவிடும். அரை வினாடி கழித்து, முற்றிலும் வேறொரு காட்சியோடு உயிர் பெறும். பழைய அனலாக் கருவிகளில் சிக்னல் குறைந்தால் படத்தில் பனி தூவியதுபோல் புள்ளிகள் முன்கூட்டியே தோன்றும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது.

எச்சரிக்கை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதைத் தாமதமாகவே கண்டுகொண்டேன். தரைநிலையத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னல் அளவும் ஓடிக்கொண்டிருக்கும்:

```
wfb-cli gs
```

அதில் fec_r என்பது உபரியைக் கொண்டு மீட்கப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கை; lost என்பது மீட்க முடியாமல் போனவை. fec_r ஏறத் தொடங்கி lost இன்னும் பூஜ்யமாக இருக்கும் நிலைதான் இந்தக் காலத்துப் பனிப்புள்ளி. நண்பர் ஒருவரை அந்தத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் பறந்தேன். நேர்ப்பாதையில் தரையிலிருந்த இரண்டு ஆன்டெனாக்களும் -72 டிபிஎம் காட்டின; இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது என்று பொருள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டுமே ஒன்றாக -80க்கும் கீழே விழுந்தன.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். ட்ரோன் அனுப்பும் திறன் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். இரு பக்கமும் 2 டிபிஐ ஆன்டெனாக்கள். 5,825 மெகாஹெர்ட்ஸில் 300 மீட்டர் கடக்க 97 டெசிபெல் இழப்பு. ஆகவே -73 வரவேண்டும். வந்ததும் ஏறத்தாழ அதுவே. அமைதியான வெளியில் -88, -90 வரைகூடத் தாங்கும். ஆனால் மூன்று பக்கமும் வீவக அடுக்குமாடி புளோக்குகள் நிற்கும் திடலில், வீட்டுக்கு வீடு வைஃபை இரைச்சல் இருப்பதால், எனக்கு -80இலேயே பொட்டலங்கள் உதிரத் தொடங்கின. கையிருப்பு ஏழு டெசிபெல்தான். நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக்கம்பி ஆன்டெனாவை 60 பாகை சாய்த்தால், தரையில் நிமிர்ந்தே நிற்கும் ஆன்டெனாவோடு அலை அதிரும் தளம், அதாவது அலைத்தளம், பொருந்தாமல் ஆறு டெசிபெல் போய்விடும். கூடவே ட்ரோனின் கார்பன் ஃபைபர் உடல் குறுக்கே வந்தால் மீதியும் போய்விடும். தரையில் இரண்டு ஆன்டெனா வைத்திருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், இரண்டையும் ஒரே வாக்கில் நிமிர்த்தி வைத்திருந்ததுதான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கண் மறைந்தது.

இது புரிவதற்கு முன் நான் வாங்கியதுதான் தம்பி கேட்ட பதினான்கு டிபிஐ தட்டை ஆன்டெனா. அதை மாட்டியதும் -72 என்பது -62 ஆனது. மகிழ்ந்துபோய்ப் பறந்தால், lost முன்போலவே ஏறியது. தட்டை ஆன்டெனா தான் பார்க்கும் திசையில் உள்ள அனைத்தையும் பெருக்கித் தரும். ட்ரோனுக்குப் பின்னால், அதே திசையில் இருபது மாடி புளோக் ஒன்று நின்றது. சிக்னலும் பத்து டெசிபெல் ஏறியது, இரைச்சலும் ஏறியது. மறுவாரம் திடலின் எதிர்முனைக்குப் போய், புளோக்கை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பறந்தேன். அதே ஆன்டெனா, அதே அமைப்பு, உறைதல் பாதியாகக் குறைந்தது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் ஆன்டெனாத் தேர்வில் ஒரு பகுதி என்பதை எந்த விற்பனைப் பக்கமும் எழுதுவதில்லை; எல்லாரும் டிபிஐ எண் ஒன்றையே பெரிதாக அச்சிடுகிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இது.

மீதிப் பாதியைத் தீர்த்தது சுழல் அலைத்தள ஆன்டெனா. ட்ரோனில் ஒரு சிறிய வலச்சுழல் ஆன்டெனா, தரையில் எல்லாத் திசையும் கேட்கும் வலச்சுழல் ஒன்று, எட்டு டிபிஐ வலச்சுழல் தட்டை ஒன்று. அலை சுழன்றுகொண்டே வருவதால் ட்ரோன் சாய்வதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சுவரில் ஒருமுறை மோதித் திரும்பும் அலை பெரும்பாலும் இடச்சுழலாக மாறிவிடுவதால், கான்கிரீட் சூழ்ந்த நம் ஊரில் அந்த எதிரொலிகளும் வடிகட்டப்படுகின்றன. வாங்கும்போது மூன்றும் ஒரே சுழல்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலமும் இடமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், கலந்துவிட்டால் இருபது டெசிபெல் வரை இழக்க நேரும். மாற்றிய அன்று, தொடர்ந்து எட்டு போட்டுத் திரும்பியபோதும் lost பூஜ்யத்திலேயே நின்றது. அன்று மாலை மின்கலம் மூன்றும் தீரும்வரை நான் வீடு திரும்பவே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பியிடம் இந்த அமைப்பை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். சென்ற மாதம் ட்ரோனில் ஆன்டெனாவை மாட்டும் சிறு பொத்தான் இணைப்பி, பட்டாணியில் பாதி அளவுகூட இராது, தரையிறங்கிய அதிர்ச்சியில் கழன்றிருக்கிறது. ஆன்டெனா இல்லாமல் அனுப்பியைச் சூடேற விட்டதில் அதன் திறன் பெருக்கி பழுதாகி, சிம் லிம் டவருக்கு அலைந்து பாகங்கள் வாங்கி, இரண்டு வார இறுதிகளைப் பற்றவைப்பதில் கழித்தேன். வார இறுதியில் மட்டும் பறக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு வாரம் பெரிய இழப்பு.

இப்போது அந்த இணைப்பியின் மேல் ஒரு சொட்டு சூட்டுப்பசை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ட்ரோனைப் புல்லில் ஐந்து மீட்டர் தள்ளி வைத்து, திரையில் -40ஐ ஒட்டிய எண் தெரிகிறதா என்று பார்க்கிறேன். -60 என்று காட்டினால் அன்று விசிறிகளைச் சுழற்றுவதில்லை.