ஒரே ஏரித் தொடர், இரண்டு முன்மொழிவுகள்

தமிழகத்து ஏரிகளைப் பற்றி ஓர் ஆவணத் தொடரை ஒரு தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவிடம் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேர இடம், ஆறு பகுதிகள். இந்தியாவில் ஒரு மணி நேரத்துக்கு விளம்பரமும் அலைவரிசையின் சொந்த அறிவிப்புகளும் சேர்ந்து 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆகவே அரை மணியில் நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 24 நிமிடம். இந்த ஒரே பொருளுக்கு இரண்டு முன்மொழிவுகள் எழுதலாம்.

முதலாவது, வரலாற்று வரிசையில் நகர்வது. பல்லவர் காலத்தில் தொடங்கி, சோழர், நாயக்கர், ஆங்கிலேயர் என்று வந்து, 2015 சென்னை வெள்ளத்தில் முடியும். தொகுப்பாளராக மக்கள் அறிந்த ஒரு நடிகர். தாளில் இது கம்பீரமாகத் தெரியும். ஆனால் மூன்றாம் பகுதியை எழுதும்போதே இடறல் தெரிந்துவிடும்: ஒரு பகுதியில் கல்வெட்டு, அடுத்ததில் பேராசிரியர் நேர்காணல், அதற்கடுத்ததில் வெள்ளக் காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு வடிவம் தேட வேண்டியிருக்கும். இரண்டாம் பகுதியைத் தவறவிட்டவருக்கு நான்காம் பகுதி பாதிதான் புரியும் என்பதால், அலைவரிசை விரும்பும் வரிசையில் மறுஒளிபரப்பு செய்வதும் கடினம்.

இரண்டாவது, ஒரு பகுதிக்கு ஓர் ஏரி. ஒவ்வொரு பகுதியும் தண்ணீரின் வழியே நடக்கும். முதல் பாகத்தில் வரத்துக் கால்வாயும் கரையும், அடுத்ததில் மடை திறப்பும் பங்கீடும், கடைசியில் கடைமடை வயல். விளம்பர இடைவெளிகள் இந்த மூன்று பாகங்களுக்கு நடுவே தாமாகவே விழுகின்றன. “கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?” என்ற கேள்வி ஒவ்வொரு பகுதியிலும் பார்வையாளரைக் கடைசி நிமிடம் வரை கூட்டிப்போகும். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

வடிவம் உண்மையிலேயே திரும்பத் திரும்பப் பயன்படுமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆறு பகுதிகள் போதும் என்றாலும், ஏழாவதையும் பத்தாவதையும் எழுதிப் பாருங்கள். முதல் முன்மொழிவு ஆறோடு நின்றுவிடும், ஏனென்றால் வரலாறு அங்கே நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது, ஏரி இருக்கும் வரை ஓடும்.

பகுதிச் சுருக்கம் எழுதுவதிலும் வேறுபாடு பெரிது. “வீராணம் ஏரியின் வரலாறும் சிறப்பும்” என்று எழுதினால் அது தலைப்பு மட்டுமே. இப்படி எழுத வேண்டும்: “10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் உருவான, இன்று கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெறும் வீராணம், கடலூர் மாவட்ட வயல்களுக்கும் சென்னையின் குடிநீருக்கும் ஒருசேரப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் குறையும் வாரத்தில் யார் பங்கு முதலில் குறைகிறது என்பதை ஒரு மடையிலிருந்து கடைசி வயல் வரை நடந்து பார்க்கிறோம்.” இதில் இடம் இருக்கிறது, மோதல் இருக்கிறது, படமாக்கக்கூடிய செயல் இருக்கிறது. உத்திரமேரூருக்கு எழுதினால், பராந்தகன் காலக் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தின் பொறுப்புகளை, இன்று தூர்வாரும் பணியை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியோடு இணைக்கலாம்; கல்வெட்டு அப்போது வெறும் அலங்காரமாக நிற்காது.

தொகுப்பாளர் விஷயத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நடிகர் வந்தால் முதல் வாரப் பார்வையாளர்கள் கூடுவார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருடைய தேதிகள் கிடைக்கும் நாளில் மடை திறக்காது. எழுதிக் கொடுத்த வசனத்தைக் கரையில் நின்று ஒப்பிக்கிற தொகுப்பாளரைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வார். நேர்மாறாக, தொகுப்பாளரே வேண்டாம், பின்னணிக் குரல் போதும் என்றால் செலவு குறையும். ஆனால் தொடருக்கு முகம் இல்லாமல் போகும், முன்னோட்டத்தில் காட்டவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் தேர்வது நடுவில் ஒரு வழி: பெயர் பெறாத, ஆனால் வயலில் இயல்பாகப் பேசத் தெரிந்த ஒரு இளம் தொகுப்பாளர், அவருக்கு எல்லாம் தெரியாது, கேட்பதுதான் அவர் வேலை. பதில் சொல்பவர் மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும், அந்தந்த ஏரியின் நீர்க்கட்டி. எந்த மடையை எத்தனை விரல் திறந்தால் எந்த வயலுக்குப் போகும் என்பது அவர் கையில் இருக்கும் அறிவு. “ஐயா, இந்த மடையை இன்னிக்கு யாருக்குத் திறக்கறீங்க?” என்ற ஒரு கேள்வி, ஐந்து நிமிட விளக்கவுரையைத் தேவையற்றதாக்கிவிடும். இதற்கும் ஒரு வரம்பு உண்டு: எல்லா ஏரியிலும் நீர்க்கட்டி முறை இன்று உயிரோடு இல்லை. அங்கே அந்த வேலையை இப்போது யார் செய்கிறார் என்று தேடுவதே பகுதியின் தொடக்கமாகும் என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும்.

முன்மொழிவோடு மூன்று நிமிட மாதிரிக் காட்சி ஒன்றும் போக வேண்டும். தொகுப்பாளரும் நீர்க்கட்டியும் பேசிக்கொள்வது தாளில் விளங்காது. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும் காட்சி வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழையின் நவம்பர், டிசம்பர் மாதங்களை விட்டால் அடுத்த ஆண்டுதான். ஆகவே பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்துக்கும் சில மாதங்கள் ஒதுக்கி, சித்திரை வைகாசியில், ஏரி வறண்டு கிடக்கும்போதே அலைவரிசையின் கதவைத் தட்டிவிடுவது நல்லது.