புத்தக மதிப்பா, மாற்றுச் செலவா?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் உற்பத்தி நிறுவனங்களின் பங்குகளை வாங்கும்போது, பங்கு விலையைப் புத்தக மதிப்பால் வகுக்கும் வழக்கத்தை விட்டு, டோபின் கியூவைக் கணக்கிடும் முறைக்கு நான் மாறியிருக்கிறேன். பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1969இல் விளக்கிய இந்த விகிதம், நிறுவனத்தின் சந்தை மதிப்பை, அதன் சொத்துகளை இன்று மீண்டும் உருவாக்க ஆகும் மாற்றுச் செலவால் வகுக்கிறது. விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் புதிய ஆலை கட்டுவது இலாபம். ஒன்றுக்குக் கீழே இருந்தால், கட்டுவதைவிட இருக்கும் நிறுவனத்தை வாங்குவதே மலிவு.

புத்தக மதிப்பின் வசதி வெளிப்படையானது: ஆண்டறிக்கையைத் திறந்தால் எண் கிடைத்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் பழைய கொள்முதல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்த எண்ணே.

துவாஸில் ஆலை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பங்குகளின் சந்தை மதிப்பு 60 மில்லியன் வெள்ளி, கடன் 20 மில்லியன். ஏட்டில் கட்டடமும் குத்தகையும் 20, இயந்திரங்கள் 20, நடைமுறை மூலதனம் 10, ஆக 50 மில்லியன். கடன் போகப் பங்குதாரர் பங்கு 30. எனவே புத்தக மதிப்பு விகிதம் 2. பங்கு விலையேறியதாகத் தோன்றும். அதே கட்டடத்தையும் மிச்சமுள்ள குத்தகையையும் இன்று பெற 35, அதே திறனுள்ள இயந்திரங்களுக்கு 35, நடைமுறை மூலதனம் 10 என்றால், மாற்றுச் செலவு 80. கடனையும் சேர்த்த சந்தை மதிப்பும் 80. கியூ சரியாக 1. அதாவது பங்கு விலை மிகையானது அன்று. அதே சமயம், விரிவாக்கம் செய்ய நிர்வாகத்துக்குக் காரணமும் இல்லை.

எல்லாம் அந்த மாற்றுச் செலவை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. பத்தாண்டு ஓடிய இயந்திரத்துக்குப் புத்தம்புது இயந்திரத்தின் விலையைப் போட்டு, 35க்குப் பதில் 55 என்று எழுதினால், மாற்றுச் செலவு 100 ஆகி, கியூ 0.8க்கு இறங்கிவிடும், இல்லாத மலிவு நமக்குத் தெரியும். ஆகவே புதிய விலையிலிருந்து தேய்ந்த ஆயுளைக் கழிக்க வேண்டும். முடிந்தால் பயன்படுத்திய இயந்திரச் சந்தையின் விலையோடு ஒப்பிட வேண்டும். நிலத்துக்கும் இதே விதி. 30 ஆண்டுக் குத்தகையில் 12 ஆண்டுகளே எஞ்சியிருக்கும் இடத்தை முழுக் குத்தகையின் விலையில் மதிப்பிடுவது, இங்கே எளிதில் நேரக்கூடிய பிழை.

வங்கிகளுக்கு நான் இன்னும் புத்தக மதிப்பையே பார்க்கிறேன். அவற்றின் சொத்துகள் கடன்களும் பத்திரங்களுமாக இருப்பதால், மாற்றுச் செலவு என்ற கேள்வியே அங்கே பொருந்தாது. மென்பொருள் நிறுவனங்களில் இம்முறையை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. ஆய்வுச் செலவும் வணிகப் பெயரும் வகுக்கும் எண்ணில் சேராததால், கியூ அங்கே காரணமின்றி உயர்ந்து நிற்கும். தவிர, நாம் கணக்கிடுவது சராசரி கியூவைத்தான்; முதலீட்டைத் தீர்மானிப்பதோ அடுத்து சேர்க்கும் ஒரு இயந்திரத்தின் கியூ. போட்டிச் சந்தையும், உற்பத்தியைப் பெருக்கினால் செலவும் அதே அளவில் பெருகும் நிலையும் இருந்தால் இரண்டும் ஒன்றாகும் என்பதை 1982இல் பொருளியலாளர் ஹயாஷி காட்டினார். ஏகபோகம் உள்ள நிறுவனத்தில் சராசரி 1.5 என்றாலும், அடுத்த இயந்திரம் அதன் விலையை ஈட்டாமல் போகலாம்.