ஃபிட்னஸ் பேண்ட் உடைந்த பிறகு சந்தாவை எங்கே நிறுத்துவது: பிளே ஸ்டோரிலா, யுபிஐ செயலியிலா?

துணி துவைக்கும் கல்லில் விழுந்து என் ஃபிட்னஸ் பேண்டின் திரை நொறுங்கியது. பழுது பார்க்கக் கேட்ட காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்பதால் அலமாரியில் போட்டுவிட்டேன். கைபேசியிலிருந்து அதன் செயலியையும் நீக்கினேன். மூன்று வாரம் கழித்து ஓர் இரவில் குறுஞ்செய்தி வந்தது: மறுநாள் 999 ரூபாய் கழிக்கப்படும். தூக்கத்தை அலசிச் சொல்லும் பிரீமியம் திட்டத்தின் ஆண்டுச் சந்தா அது.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பேண்ட் உடைந்ததோ விற்றதோ பணம் எடுப்பவருக்குத் தெரியாது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. மீதி இரண்டு வழிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் நான் பிடித்தது யுபிஐ வழி. செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, தானாகப் பணம் எடுக்க நான் தந்திருந்த அனுமதியை ரத்து செய்து, யுபிஐ பின் எண்ணை அடித்தேன். அரை நிமிட வேலை. பணம் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை, நான் அதிகம் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குக் கட்டணம் தோல்வி, வேறு கட்டணமுறை தருக என்று கடிதம் வந்திருந்தது. அனுமதியை வெட்டியது வங்கிக்கும் எனக்கும் இடையிலான காரியம். பிளே ஸ்டோரின் கணக்கில் சந்தா உயிரோடுதான் இருந்தது. அவர்கள் பார்வையில் நான் திட்டத்தை விட்டவன் அல்ல, பணம் கட்டத் தவறியவன். மாற்றுக் கட்டணமுறையாக ஒரு கார்டைச் சேர்த்து வைத்திருந்தால் அதிலிருந்து எடுக்கவும் வழியுண்டு. நான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஆகவே என் சாய்வு பிளே ஸ்டோர் பக்கம். மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions, பிறகு சந்தாவைத் தேர்ந்து Cancel subscription. காரணம் கேட்பார்கள், ஏதேனும் ஒன்றைத் தொட்டால் போதும். கட்டிய காலம் முடியும்வரை சந்தா பயன்பாட்டில் இருக்கும், பிறகு புதுப்பிக்காது. பட்டியலில் முடிவுத் தேதி தெரிந்தால் வேலை முடிந்தது. இன்னும் அடுத்த கட்டணத் தேதி தெரிந்தால் முடியவில்லை.

என்னைச் சுற்றவிட்டது வேறொன்று. பட்டியலைத் திறந்தால் அந்தச் சந்தாவே இல்லை. கைபேசியில் இரண்டு கூகுள் கணக்குகள் இருந்தன. கட்டணத் தோல்விக் கடிதம் பழைய மின்னஞ்சலுக்கு வந்ததே, அங்கே தேடியபோது GPA. என்று தொடங்கும் ஆர்டர் எண்ணுடன் போன வருட ரசீது கிடைத்தது. பிளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறியதும் சந்தா முதல் வரியிலேயே நின்றது. ரத்து செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கைத் தேடியதில்தான் ஒரு மணி நேரம் போனது. பேண்டை விற்றுவிட்டு அந்த மின்னஞ்சல் கணக்கையும் மூட நினைப்பவர்கள் சந்தாவை நிறுத்திய பிறகே மூடுங்கள்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: காசை வாங்குபவர் யார்? தானாகப் புதுப்பிக்கும் கட்டணத்துக்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். கூகுள் பிளே என்றிருந்தால் பேண்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கெஞ்சிப் பயனில்லை, ரத்து பிளே ஸ்டோரில்தான். நிறுவனத்தின் பெயரே இருந்தால் நேரடியாக அவர்கள் தளத்தில் வாங்கியிருக்கிறீர்கள், அங்கே உள்நுழைந்து நிறுத்த வேண்டும். ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். என் தங்கையின் கைபேசியில் ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன், அவ்வளவே என் அனுபவம். புதுப்பிப்புக்கு ஒரு நாளாவது முன்பே நிறுத்திவிடுவது அங்கே பாதுகாப்பு.

யுபிஐ வழியை ஒதுக்கிவிடவும் மாட்டேன். உள்நுழையவே முடியாத பழைய கணக்கு, பதில் தராத நிறுவனம், விடிந்தால் பணம் போய்விடும் என்ற இரவு: இவற்றுக்கு அதுதான் கைகொடுக்கும். அன்றிரவு என் 999 ரூபாயைக் காத்தது அதுவே. கார்டில் கட்டுபவர்கள் வங்கியின் தளத்தில் தொடர் கட்டண அனுமதிகளைத் தேடி நிறுத்தலாம்.

பேண்டை விற்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கணக்கிலிருந்து சாதனத்தை நீக்கினால்தான் வாங்கியவர் சிக்கலின்றித் தன் கைபேசியோடு இணைக்க முடியும். அதைச் செய்தாலும் சந்தா நிற்காது. என் மைத்துனர் சாதனத்தை ஒழுங்காக நீக்கிக் கொடுத்துவிட்டு, மாதச் சந்தாவை நான்கு மாதம் கட்டிக்கொண்டிருந்தார். பிளே ஸ்டோரில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் கேட்டால்தான் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு செயலி நிறுவனத்திடம் போகச் சொல்கிறார்கள். அவருக்கு நான்கில் ஒரு மாதப் பணம் மட்டும் திரும்பியது.