குழந்தைக்கு முதல் கிட்டார்: நைலானா ஸ்டீலா? ரெண்டையும் வருஷக்கணக்கா பாத்த அனுபவம்

என் பொண்ணு 7 வயசுல கிட்டார் கிளாஸ் சேர்ந்தா, இப்ப 11. முதல்ல முக்கால் சைஸ் நைலான் கம்பி கிட்டார், இப்ப சின்ன பாடி ஸ்டீல் கம்பி கிட்டார். ரெண்டுமே வீட்லதான் இருக்கு, ரெண்டையும் இன்னும் வாசிக்கறா.

எல்லாரும் முதல்ல கேக்கறது விரல் வலிக்குமான்னு தான். வலிக்கும், ஸ்டீல்ல கண்டிப்பா கூட. சாதாரண 12 கேஜ் தடிமன் ஸ்டீல் செட்டோட ஆறு கம்பி இழுவிசையையும் சேத்தா சுமார் 70 கிலோ வரும், நைலான்ல சுமார் 40 தான். அதுவுமில்லாம ஸ்டீல் கம்பி மெல்லிசு, அதே அழுத்தம் விரல் நுனில ரொம்ப சின்ன இடத்துல இறங்கறதால சுருக்குன்னு இருக்கும். நைலான்ல என் பொண்ணு முதல் நாள்லேந்தே தொடர்ந்து வாசிச்சா, விரல் சிவந்துச்சு, ஆனா வேணாம்னு கீழ வைக்கல.

ஆனா நைலான்ல வேற ஒரு கஷ்டம் இருக்கு, கடைல யாரும் சொல்றதில்ல. கழுத்து அகலம். ஃபுல் சைஸ் கிளாசிக்கல், அதாவது நைலான் கிட்டார்ல, கழுத்தோட மேல் முனைல கம்பியெல்லாம் பள்ளத்துல உக்கார்ற சின்ன பட்டையான நட் கிட்ட 52 மில்லிமீட்டர் இருக்கும், ஸ்டீல்ல பெரும்பாலும் 43தான். சின்ன கைக்கு அந்த வித்தியாசம் பெருசு. சி கார்டு புடிக்கும்போது மோதிர விரல் அஞ்சாவது கம்பிக்கு எட்டணும், எட்டலன்னா விரல் படுத்துக்கிட்டு பக்கத்து கம்பிய அமுக்கிடும், அந்த கம்பி டொக்குன்னு செத்த சத்தம் போடும். குழந்தை சரியா பயிற்சி பண்ணலன்னு நாம நினைச்சுப்போம், அது கை அளவு பிரச்சனை. அதனாலதான் சைஸ் முக்கியம்னு அடிச்சு சொல்றேன், முக்கால் சைஸ்ல கழுத்து அகலமும் குறையும், கம்பி நீளமும் 650லேந்து சுமார் 580 மில்லிமீட்டரா குறையும், கழுத்துல குறுக்க பதிச்ச உலோகக் கம்பியான ஃப்ரெட் எல்லாம் கிட்ட கிட்ட வரும். "வளந்துடுவா, பெருசாவே வாங்கிடலாம்"னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க.

இன்னொண்ணு, என்னப் பொறுத்தவரை நைலானா ஸ்டீலாங்கறத விட இது பெருசு: நட் உயரம். விலை கம்மியான கிட்டார்ல நட்டோட பள்ளத்த ஆழமா வெட்டாமலே அனுப்பிடுவாங்க. கம்பி முதல் ஃப்ரெட்டுக்கு மேல எம்பி நிக்கும், ஆரம்ப கார்டெல்லாம் முதல் மூணு ஃப்ரெட்லதானே இருக்கு, அங்கயே இரும்பு மாதிரி இருக்கும். செக் பண்றது ஈசி. ஒவ்வொரு கம்பியையும் மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாருங்க, ஒரு மயிரிழை இருந்தா போதும், கண்ணுக்கு நல்லா தெரியற அளவு இருந்தா நட் உயரம். ட்யூனர்லயும் தெரியும், கம்பிய சும்மா தட்டினா சுருதி சரியா காட்டும், முதல் ஃப்ரெட்ல அமுக்கினா கொஞ்சம் ஏறிக் காட்டும். எங்க நைலான் அப்படித்தான் இருந்துச்சு, ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்து பள்ளத்த ராவி இறக்கினதுக்கப்புறம் அதுவரைக்கும் எரிச்சலோட வாசிச்ச எஃப் கார்டு (சின்னது, நாலு கம்பி மட்டும்) அந்த வாரமே வந்துடுச்சு. கம்பி மாத்தல, கிட்டார் மாத்தல.

நைலான் கம்பி புதுசா போட்டா கொஞ்ச நாளைக்கு இழுபட்டுக்கிட்டே இருக்கும், தினமும் ரெண்டு மூணு தடவ ட்யூன் பண்ணனும். கிட்டார் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க.

ஸ்டீலுக்கு ஏன் மாறினோம்னா, அவளுக்கு பாட்டுக்கு கார்டு போட்டு ஸ்ட்ரம் பண்றதுலதான் ஆசை. பிக் வச்சு அடிச்சா நைலான் மந்தமா கேக்கும், அவ காதுல இருக்கற சத்தம் வரல. மாறும்போது 12ஐ விட மெல்லிசான 10 கேஜ் கம்பி போட்டோம், முதல் மாசம் எல்லா கம்பியையும் அரை சுரம் மட்டும் இறக்கி ட்யூன் பண்ணி, எல்லா கம்பியையும் ஒண்ணா அமுக்கிப் புடிக்கற கிளிப்பான கேப்போவ முதல் ஃப்ரெட்ல மாட்டினோம். சத்தம் பழைய சுருதிலயே வரும், இழுவிசை பத்துல ஒரு பங்குக்கு மேல குறையும், நட் உயரமா இருந்தாலும் கேப்போ அத மறைச்சுடும், ஃப்ரெட்டும் கொஞ்சம் நெருங்கிடும். விரல் தடிச்சதும் கேப்போவ கழட்டி சாதாரண ட்யூனிங்குக்கு வந்துட்டா.

ஆக 8 வயசுக்குள்ளன்னா, இல்ல விரல்ல மீட்டற கிளாசிக்கல் சொல்லித்தர்ற மாஸ்டர்னா, சைஸ் சரியான நைலான் வாங்குங்க. 10 வயசுக்கு மேல, பாட்டுக்கு ஸ்ட்ரம் பண்ணத்தான் ஆசைன்னா நேரா சின்ன பாடி ஸ்டீல், 10 கேஜ். ஒண்ணே ஒண்ணு, நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பி மாட்டிடாதீங்க, அந்த இழுவிசைய தாங்கற மாதிரி அத செய்யல, பாடில கம்பிய கட்டற பிரிட்ஜ் பின்பக்கம் மெல்ல தூக்க ஆரம்பிக்கும், ஒரு பேப்பர் அடியில நுழைஞ்சுச்சுன்னாவே ஒட்டு விட்டுடுச்சுன்னு அர்த்தம், உடனே கம்பிய தளர்த்திடுங்க.