புள்ளிப் பட்டியலா, ஈலோ மதிப்பெண்ணா?

பள்ளி லீக்கின் புள்ளிப் பட்டியல், யாரை வென்றாலும் 3 புள்ளிதான் தரும். செஸ்ஸுக்காக ஆர்பட் ஈலோ வகுத்த முறையோ எதிரணியின் பலத்தைத்தான் முதலில் பார்க்கிறது. எல்லா அணிக்கும் 1500 கொடுத்துத் தொடங்குங்கள். போகப்போக 1600 உள்ள அணி 1400 உள்ள அணியைச் சந்தித்தால், வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0 என்ற கணக்கில் அதனிடம் எதிர்பார்ப்பது 0.76:

```
1/(1+10^((1400-1600)/400))
```

ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் மாறக்கூடிய அளவை 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்றால் 32 × (1 − 0.76), அதாவது சுமார் 8 ஏறும், எதிரணிக்கு அதே 8 இறங்கும். தோற்றால் 24 கைமாறும். டிரா ஆனாலும் பலமான அணி 8 இழக்கும். பிள்ளைகளுக்கு இது உறுத்தும், முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாறு ஆட்டங்களில் இந்த எண் நிலைபெறாது. மூத்த மாணவர்கள் படிப்பு முடித்துப் போனபின் பழைய எண்ணையும் நம்ப முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் 1500-ஐ நோக்கிப் பாதித் தூரம் இழுத்துவிடுங்கள். கோப்பையைப் புள்ளிப் பட்டியலுக்கே விடுவேன். அடுத்த ஆண்டு அணிகளைக் குழுக்களாகப் பிரிக்க ஈலோதான்.